கூரை முடிவாகும் முன்னே எழுந்த தூண்கள்

1960 நவம்பரில் ஒரு மதியம். சிட்னி துறைமுகத்தின் ஓரம் கான்கிரீட்டும் கம்பியும் குவிந்து கிடந்த கட்டுமான இடத்தில், அமெரிக்கப் பாடகர் பால் ராப்சன் தொழிலாளர்கள் நடுவே நின்று பாடினார். ஹெல்மெட் போட்டவர்கள் சாரத்தில் ஏறி உட்கார்ந்து கேட்டார்கள். சிட்னி ஓபரா ஹவுஸில் நடந்த முதல் கச்சேரி அதுதான் என்று இன்றும் சொல்கிறார்கள். கட்டடம் முறைப்படி திறக்கப்பட்டதோ 1973 அக்டோபர் 20ஆம் தேதி. கச்சேரிக்கும் திறப்பு விழாவுக்கும் நடுவே ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகள்.

அன்று ராப்சன் பாடிக்கொண்டிருந்தபோது அடித்தளத்து மேடைக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் மேல் உட்காரப்போகும் கூரையை எப்படிக் கட்டுவது என்று மட்டும் உலகில் யாருக்கும் தெரியாது. வரைந்தவருக்கும் தெரியாது.

புராஜெக்ட் மேலாண்மை படிக்கிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஐந்து பெயர்களைச் சொல்லிக்கொடுப்பார்கள்: தொடக்கம், திட்டமிடல், செயல்படுத்தல், கண்காணிப்பும் கட்டுப்பாடும், நிறைவு. அமெரிக்காவில் 1969இல் தொடங்கப்பட்ட புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு, தன் கையேட்டின் மூலம் பரப்பிய பகுப்பு இது. கேட்டதும் ரயில் நிலையங்கள் மாதிரி வரிசையாக மனதில் நின்றுவிடும். ஒன்றைத் தாண்டினால் அடுத்தது வரும் என்று தோன்றும். தமிழில் பேசும்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. மேட்டூர் அணையும் நமக்குத் ‘திட்டம்’தான், அதற்குப் போட்ட கணக்கும் ‘திட்டம்’தான். கட்டப்போகும் பொருளுக்கும் காகிதத்தில் போடும் ஏற்பாட்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரித்துப் பேசுவது கஷ்டம். அதனால் இங்கே மொத்த வேலையைப் புராஜெக்ட் என்றே வைத்துக்கொள்வோம்.

அந்தக் கையேடே இந்த ஐந்தையும் கட்டங்கள் என்று சொல்வதில்லை. ஒரே தன்மையுள்ள வேலைகளைச் சேர்த்துக் கட்டிய ஐந்து கட்டுகள், அவ்வளவுதான். 2017இல் வந்த ஆறாம் பதிப்பு மொத்தம் 49 வேலைமுறைகளைச் சொல்கிறது. அவற்றில் 24 திட்டமிடலுக்கு, 12 கண்காணிப்புக்கு, 10 செயல்படுத்தலுக்கு, 2 தொடக்கத்துக்கு; நிறைவுக்கு ஒன்றே ஒன்று. எந்த நாளில் எட்டிப் பார்த்தாலும் இவற்றில் மூன்று நான்காவது ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருக்கும். பெரிய புராஜெக்டைப் பகுதி பகுதியாகப் பிரித்தால், ஒவ்வொரு பகுதிக்குள்ளும் ஐந்தும் திரும்ப வரும்.

ஆகவே ஒன்றோடொன்று கலப்பது தவறல்ல. தவிர்க்கவும் முடியாது. ஆனால் எந்தக் கலப்பு வேலையை நகர்த்துகிறது, எந்தக் கலப்பு கட்டியதை இடிக்க வைக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு வகையும் ஒரே இடத்தில், ஒரே கட்டடத்தில் நடந்தது சிட்னியில். இந்தச் சொற்கள் எல்லாம் புழக்கத்துக்கு வருமுன்பே அதைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அன்றைய ஆட்களைத் திட்டுவது சுலபம்.

தொடக்கம் என்றால் பூஜை போட்டுத் தேங்காய் உடைப்பது இல்லை. எதற்காக இது, யாருக்காக, எவ்வளவு பணத்தில், முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. சிட்னியில் இது 1940களின் பிற்பகுதியிலேயே ஆரம்பித்துவிட்டது. சிட்னி சிம்பொனி இசைக்குழுவை நடத்திய யூஜின் கூசன்ஸ், ஊருக்கு ஒரு நல்ல அரங்கம் வேண்டும் என்று விடாமல் கேட்டுவந்தார். ட்ராம் பணிமனை இருந்த பென்னிலாங் முனையைக் காட்டியவரும் அவர்தான். நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் பிரதமர் ஜோ கேஹில் அதை ஏற்றார். சர்வதேசப் போட்டி அறிவித்தார்கள். 233 வடிவங்கள் வந்தன. 1957 ஜனவரியில், அதிகம் பேர் கேள்விப்பட்டிராத டென்மார்க்காரர் யோர்ன் ஊட்சன் வென்றார். அப்போது அவருக்கு வயது 38.

போட்டிக்கான குறிப்பில் இரண்டு அரங்கங்கள் கேட்டிருந்தார்கள். பெரியதில் 3,000 முதல் 3,500 பேர் உட்கார வேண்டும். சிம்பொனியும் அங்கேதான், பெரிய ஓபராவும் அங்கேதான். படிக்கும்போது இது சாதாரண வாக்கியமாகத்தான் தெரியும். ஆனால் சிம்பொனிக்கு ஒலி சற்று நேரம் அரங்கில் தங்கித் தவழ வேண்டும். ஓபராவில் பாடும் சொல் புரிய வேண்டும் என்பதால் ஒலி சீக்கிரம் அடங்க வேண்டும். அதோடு, காட்சித் திரைகளைத் தூக்கி மறைக்க மேடைக்கு மேலே உயரமான கூண்டு வேண்டும். சிம்பொனிக்கு அந்தக் கூண்டு ஒலியை விழுங்கும் பள்ளம். இரண்டில் எது முக்கியம் என்று தொடக்கத்தில் யாரும் முடிவுகட்டவில்லை. அந்த விடுபட்ட முடிவைக் கொஞ்சம் ஓரமாக வைத்துக்கொள்வோம். பத்து வருஷம் கழித்து அது திரும்பி வரும்.

செலவுக்கு ஒரு மதிப்பு போட்டார்கள்: 35 லட்சம் ஆஸ்திரேலிய பவுண்டு, பிற்பாடு வந்த டாலர் கணக்கில் 70 லட்சம். முடிக்க வேண்டிய தேதி 1963 ஜனவரி 26. கூரையின் வடிவம் ஓவியமாக மட்டுமே இருந்தபோது போட்ட கணக்கு இது.

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள, ஆடி பிறப்பதற்குள் பூமி பூஜை போட்டே ஆகவேண்டும் என்று அவசரப்படும் வீட்டை நினைத்துக்கொண்டால் போதும். சிட்னியில் ஆடி மாதத்துக்குப் பதில் தேர்தல். 1959 மார்ச் 21 அன்று மாநிலத் தேர்தல். மார்ச் 2 அன்று வேலை தொடங்கிவிட்டது. வடிவமைப்பு இன்னும் முடியவில்லை என்று ஊட்சன் சொல்லிப் பார்த்தார், அரசு கேட்கவில்லை. மக்கள் மனம் மாறிவிடுமோ, பணம் நின்றுவிடுமோ என்ற பயம். அரசியல்வாதியின் கணக்கில் இது முட்டாள்தனமும் அல்ல: அந்த அக்டோபரிலேயே கேஹில் இறந்துபோனார். அஸ்திவாரம் எழும்பாமல் இருந்திருந்தால் ஓபரா ஹவுஸே இருந்திருக்காது என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தைச் சட்டென்று தள்ளிவிட முடியாது.

ஆனால் பொறியியல் கணக்கு வேறு. வேலையை மூன்றாகப் பிரித்தார்கள்: முதலில் அடித்தள மேடை, பிறகு கூரை, கடைசியில் உள்வேலை. மேடையைக் கட்டும்போதே கூரையை வடிவமைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. காகிதத்தில் பார்த்தால் அழகான கலப்பு. செயல்படுத்தலும் திட்டமிடலும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன, நேரம் மிச்சம்.

கோளாறு எங்கே என்றால், பாரம் மேலிருந்து கீழே இறங்குகிறது. கூரையின் எடை எவ்வளவு, அது எந்தெந்தப் புள்ளியில் வந்து உட்காரும் என்று தெரிந்தால்தான் தூணின் பருமனைச் சொல்ல முடியும். அதாவது மேடைக்கான வேலை வரைபடத்துக்குத் தேவையான விவரம், இன்னும் போடாத கூரைக் கணக்கிலிருந்து வர வேண்டும். வராததால் ஒரு ஊகத்தை வைத்துத் தூண்களை வார்த்தார்கள். கூரை பிறகு கனமான கான்கிரீட் விலா எலும்புகளாக மாறியது. அந்தப் பாரத்தைத் தாங்கும் பலம் தூண்களுக்கு இல்லை. கட்டிய தூண்களைத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று.

இது வரப்போகிறது என்பதற்கு அறிகுறி முன்னாடியே தெரிந்தது. 1961 ஜனவரியில் வேலை 47 வாரம் பின்தங்கியிருந்தது. மழை ஒரு காரணம். மழைநீர்க் கால்வாயைத் திருப்புவதில் எதிர்பாராத சிரமம் ஒரு காரணம். சரியான வேலை வரைபடங்கள் தயாராகும் முன்பே ஆட்களை இறக்கியதும், ஒப்பந்தக் காகிதங்கள் மாறிக்கொண்டே இருந்ததும் மற்ற காரணங்கள். இதற்கு நடுவே இரண்டு அரங்கங்கள் நான்காக வேண்டும் என்று அரசு தேவையையே மாற்றியது. தாமதத்தை அளந்தார்கள், ஆனால் அளந்ததை வைத்து வேலையை நிறுத்தி யோசிக்கும் அதிகாரம் யாரிடமும் தெளிவாக இல்லை. கண்காணிப்பு இருந்தது, கட்டுப்பாடு இல்லை. அந்த நான்காவது கட்டுக்கு இரண்டு சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்திருப்பதன் காரணத்தை இங்கே பார்க்கலாம். மேடை 1963 தொடக்கத்தில்தான் முடிந்தது. கட்டடம் முழுவதும் முடிந்திருக்க வேண்டிய நேரம் அது.

இப்போது கூரைக்கு வருவோம். இதே ஆட்கள், இதே இடம், ஆனால் கலப்பு வேறு மாதிரி.

ஊட்சன் போட்டிக்கு வரைந்த பாய்மர வளைவுகளுக்கு வடிவியல் கிடையாது. கைபோன போக்கில் வரைந்த கோடுகள். ஒவ்வொரு வளைவும் வேறு வேறு என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சு செய்ய வேண்டும். செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. பொறியாளர் ஓவ் ஆரூப்பின் குழுவும் ஊட்சனும் 1957இலிருந்து பரவளையம், நீள்வட்டம் என்று குறைந்தது பன்னிரண்டு விதமாக மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். 1961 நடுவில் விடை கிடைத்தது: எல்லா ஓடுகளையும் ஒரே உருண்டையிலிருந்து வெட்டி எடுத்தது போல வைத்துக்கொள்வது. உருண்டையின் ஆரம் சுமார் 75 மீட்டர். ஆரஞ்சுத் தோலை எங்கே கிள்ளி எடுத்தாலும் ஒரே வளைவுதானே, அதுபோல. வளைவு ஒன்றாகிவிட்டதால் சில அச்சுகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, கட்டுமான இடத்திலேயே விலாத் துண்டுகளை வார்த்துக்கொள்ள முடிந்தது.

கூரை வேலை 1963இல் தொடங்கியபோது திட்டமிடல் முடிந்துவிட்டதா? இல்லை. ஆனால் முடியாமல் இருந்தவை வேறு வகை. எடை எவ்வளவு, வடிவம் என்ன, துண்டு எப்படி இருக்கும் என்பதெல்லாம் தீர்ந்துவிட்டது. நாளைக்கு வைக்கப்போகும் துண்டு சரியாக எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பது மட்டும் பாக்கி. அதை நாள்தோறும் தீர்த்தார்கள். விலாக்களில் அடையாள முளைகள் பதித்திருந்தன. அன்றைய வேலை முடிந்ததும் அந்த முளைகள் எங்கே நிற்கின்றன என்று அளவெடுத்தார்கள். எண்களைக் கணினியில் ஏற்றினார்கள். 1960களில் கட்டுமானத்துக்குக் கணினி என்பதே புதுசு. இன்று வைத்தது நினைத்த இடத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்து, மறுநாள் வைக்க வேண்டியதன் இடத்தை அதற்கேற்பக் கணக்குப் போட்டார்கள். காலையில் கிரேன் துண்டைத் தூக்கியது.

ஐந்தும் கலப்பது என்று புத்தகம் சொல்வதை இதைவிடப் பக்கத்திலிருந்து பார்க்க முடியாது. பகலில் செயல்படுத்தல், சாயங்காலம் கண்காணிப்பு, இரவுக்குள் திட்டமிடல், மறுநாள் காலை திரும்பச் செயல்படுத்தல். ஒரு துண்டு விலகினால் அதன் விளைவு அடுத்த துண்டோடு திருத்தப்பட்டுவிடும். கீழே தூணை இடிக்கும் அளவுக்குப் போகாது.

தூணிலும் ஓட்டிலும் திட்டமிடலும் செயல்படுத்தலும் கலக்கத்தான் செய்தன. ஒரு மேலாளர் இரண்டையும் பிரித்துப் பார்க்க இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். இன்று செய்யும் இந்த வேலை, இன்னும் முடிவாகாத எதை நம்பி நிற்கிறது? அந்த ஊகம் பொய்த்தால் திருத்த ஒரு நாள் ஆகுமா, ஒரு வருஷம் ஆகுமா? மென்பொருள் குழுக்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் திட்டமிட்டு, கொஞ்சம் செய்து, காட்டி, திருத்திக்கொண்டு போவது இரண்டாவது கேள்விக்குப் பதில் சிறியதாக இருப்பதால்தான். கான்கிரீட்டில் அந்தச் சலுகை கிடையாது. இறுகிய பிறகு அதோடு விவாதிக்க முடியாது.

ஓரமாக வைத்திருந்த அந்தப் பெரிய அரங்கத்துக்கு இப்போது திரும்பலாம்.

1965 மே மாதம் மாநிலத்தில் ஆட்சி மாறியது. புதிய பொதுப்பணித்துறை அமைச்சர் டேவிஸ் ஹியூஸ் செலவையும் தாமதத்தையும் கேள்வி கேட்டார். உள்வேலைக்கு ஒட்டுப்பலகையில் மாதிரி செய்து பார்க்க ஊட்சன் கேட்டதற்குச் சம்மதம் கிடைக்கவில்லை. அவருக்கு வர வேண்டிய பணமும் நின்றது. 1966 பிப்ரவரி 28 அன்று அவர் விலகினார். சில வாரங்களில் ஆஸ்திரேலியாவை விட்டே போய்விட்டார். அதுவரை ஆன செலவு சுமார் 2 கோடியே 29 லட்சம் டாலர். அவர் இடத்தில் பீட்டர் ஹால் தலைமையில் உள்ளூர்க் கட்டடக் கலைஞர்கள் வந்தார்கள்.

வந்தவர்கள் செய்த முதல் பெரிய வேலை வரைவது அல்ல; கேள்வி கேட்பது. இந்த அரங்கத்தில் என்ன நடக்கப்போகிறது? யாருடைய தேவை முதலில்? 1957இலேயே பதில் சொல்லியிருக்க வேண்டிய, தொடக்கத்துக்கு உரிய கேள்வி இது. செயல்படுத்தலின் நடுவில், கூரைக்கு அடியில் உட்கார்ந்து அதற்குப் பதில் தேடினார்கள். சிம்பொனிக் குழுவை நடத்திவந்த ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனம் தனக்கு முழுமையான இசையரங்கம் வேண்டும் என்று அழுத்திக் கேட்டது. கடைசியில் 1967இல் முடிவானது: பெரிய அரங்கம் இசைக் கச்சேரிக்கு மட்டும். ஓபராவும் பாலேவும் சின்ன அரங்கத்துக்குப் போகட்டும்.

பெரிய அரங்கத்தில் மேடை இயந்திரங்களைச் செய்து பொருத்தியே விட்டிருந்தார்கள். அவற்றைப் பிரித்து எடுத்து, பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டார்கள். ஓபரா ஹவுஸ் என்று உலகமே அழைக்கும் கட்டடத்தில் ஓபராவுக்குக் கிடைத்தது சின்ன அரங்கம். பெரிய அளவிலான ஓபராவுக்கு அதன் மேடையும், வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளமும் போதவில்லை என்ற குறை இன்றைக்கும் கேட்கிறது. தேவை மாறுவது எந்தப் புராஜெக்டிலும் நடக்கும். அது எவ்வளவு தாமதமாக வருகிறதோ அவ்வளவு விலை கேட்கும்.

நிறைவுக்கு வருவோம். 49இல் ஒன்றே ஒன்று என்று பார்த்தோம். நடைமுறையிலும் அதைக் கடைசி நாள் சடங்காகத்தான் பலர் நினைக்கிறார்கள். வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்: கிரகப்பிரவேசம் முடிந்த பிறகு மொட்டை மாடிக் குழாயைச் சரிபண்ண பிளம்பரைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று. ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டியதில் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பது அதற்காகத்தான். ஆனால் நிறைவு கடைசியில் மட்டும் வருவதில்லை. சிட்னியில் மேடைக்கு ஒரு ஒப்பந்ததாரர், கூரைக்கு இன்னொருவர். 1963இல் மேடையை ஒப்படைத்தது ஒரு நிறைவு, கூரையின் தொடக்கமும் அதுவே. அரங்கத்தின் ஒலியைச் சோதிக்க 1972 டிசம்பரில் ஒரு கச்சேரி வைத்துப் பார்த்தார்கள். 1973 செப்டம்பர் 28 அன்று புரோகோஃபியேவின் ‘போரும் அமைதியும்’ ஓபராவோடு பொதுமக்கள் உள்ளே வந்தார்கள். எலிசபெத் ராணி முறைப்படி திறந்துவைக்க இன்னும் மூன்று வாரம் பாக்கி இருந்தது. மொத்தச் செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர். முதல் மதிப்பைப்போலப் பதினான்கு மடங்குக்கும் மேல். அதில் பெரும்பகுதி லாட்டரிச் சீட்டு விற்ற பணம். காலத்தாமதம் பத்து ஆண்டுகள்.

ராணி திறந்துவைத்த பிறகும் இசையரங்கத்தின் ஒலி பற்றிய முறையீடு ஓயவில்லை. மேடையில் வாசிப்பவர்களுக்கே ஒருவர் வாசிப்பது மற்றவருக்குச் சரியாகக் கேட்பதில்லை. 2020இல் அரங்கத்தை மூடி, மேடைக்கு மேலே தொங்கிய பழைய ஒலி எதிரொலிப்பான்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தி 2022 ஜூலையில் திறந்தார்கள்.

புத்தகப்படி நிறைவில் செய்ய வேண்டியதில் முக்கியமான ஒன்று, ஏன் இப்படிக் கட்டினோம் என்பதை எழுதி அடுத்தவர் கையில் கொடுப்பது. ஊட்சன் நடுவழியில் போய்விட்டதால் அது நடக்கவே இல்லை. 1999இல் ஓபரா ஹவுஸ் நிர்வாகம் அவரைத் தேடிப்போய்ச் சமாதானம் பேசியது. கட்டடத்தின் அடிப்படை எண்ணங்களை எழுதித் தரக் கேட்டது. இனி யார் எதை மாற்றினாலும் அதைப் பார்த்துக்கொண்டு மாற்ற வேண்டும் என்பதற்காக. அந்த ஆவணம் 2002இல் வெளிவந்தது, திறப்பு விழா நடந்து 29 ஆண்டுகள் கழித்து. 2004இல் அவர் வடிவமைத்தபடியே உள்ளே ஒரு அறையும் அமைந்தது. அதற்கு ஊட்சன் பெயரையே வைத்தார்கள். அதையும் அவர் நேரில் வந்து பார்க்கவில்லை. 1966இல் விமானம் ஏறியவர், 2008இல் இறக்கும் வரை சிட்னிக்குத் திரும்பவே இல்லை.